கேமரா கார்டில் அழிந்த திருமணப் படங்கள் – உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம் சார்,

தங்கையின் திருமணப் படங்கள் இருந்த கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்று: கார்டைக் கேமராவிலிருந்து கழற்றி வையுங்கள். புதிதாக ஒரு படம்கூட அதில் எடுக்க வேண்டாம். கேமராவில் செய்யும் ஃபார்மேட் பெரும்பாலும் கோப்புப் பட்டியலைத்தான் அழிக்கும். படங்கள் உள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றின் மேல் வேறு ஏதாவது பதிவானால் அந்த வாய்ப்பு போய்விடும்.

கார்டிலிருந்து படங்களை மீட்கும் வசதி எங்கள் ஆல்பம் மென்பொருளில் இல்லை. கார்டை எங்களுக்கு அனுப்பினாலும் பார்த்துத் தரக்கூடிய ஆள் இங்கே கிடையாது, நாள்தான் வீணாகும். ஆனால் PhotoRec என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. cgsecurity.org தளத்தில் TestDisk என்ற மென்பொருளோடு சேர்ந்தே கிடைக்கும். வேறு தளங்களில் இறக்காதீர்கள்.

விண்டோஸ் கணினி என்றால், இறக்கிய ஜிப்பை விரித்து qphotorec_win.exe கோப்பைத் திறங்கள். மேலே உள்ள பட்டியலில் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அளவைப் பார்த்தால் எது கார்டு, எது ஹார்ட் டிஸ்க் என்று தெரியும். அதன் கீழே வரும் பட்டியலில் கார்டின் பகுதியையும், FAT/NTFS என்று தொடங்கும் வரியையும், Whole என்பதையும் தேர்ந்தெடுங்கள். மீண்ட படங்களைக் கணினியில் சேமியுங்கள், கார்டிலேயே அல்ல. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் Search அழுத்திவிட்டுக் காத்திருங்கள். பெரிய கார்டு என்றால் நேரம் பிடிக்கும். பழைய கோப்புப் பெயர்கள் திரும்பி வராது, வீடியோக்கள் சில உடைந்து வரலாம்.

கணினிக்குக் கார்டே தெரியவில்லை என்றாலோ, செருகியதும் சூடாகிறது என்றாலோ இதை முயல வேண்டாம். அது கார்டின் பழுது. டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் நேரே கொடுப்பதே நல்லது. எவ்வளவு ஆகும், படம் மீளாவிட்டாலும் கட்டணம் உண்டா என்பதைக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. போன மாதம் நீங்கள் பாதியில் நிறுத்திய ஆல்பத்தில் ஏற்றிய 86 படங்கள் எங்கள் சர்வரில் அப்படியே, முழு அளவில் இருக்கின்றன. அவற்றை ஒரே ஜிப்பாக்கிவிட்டேன். உங்கள் கணக்கில் ‘என் பதிவிறக்கங்கள்’ பக்கத்தில் இருக்கிறது, 30 நாள் வரை எடுக்கலாம். அவை பெரும்பாலும் மேடையில் எடுத்தவை. எனவே மீட்கும்போது மற்ற படங்கள் வந்துவிட்டனவா என்பதை முதலில் பாருங்கள்.

PhotoRec எங்கேயாவது நின்றுவிட்டால் அந்தத் திரையைப் படமெடுத்து இதே மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அது எங்கள் மென்பொருள் இல்லை என்பதால் எல்லாவற்றுக்கும் பதில் தெரியும் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தவரை சொல்கிறேன். ஆல்பத்தின் கெடு தேதியையும் இரண்டு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன், அதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு