மாணிக்கம் அண்ணன் குடும்பத்தாருக்குத் தருமபுரியிலிருந்து

தருமபுரி
ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கும், கவிதாவுக்கும், மாப்பிள்ளை டேனியலுக்கும், சின்னவன் ஆதிக்கும்,

அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கவிதா போன் செய்தபோது இங்கே காலை டீ நேரம். லேபில் யாரும் டீயைத் தொடவில்லை. போனவாரம்தான் வீடியோ காலில் மெல்போர்ன் குளிரைத் திட்டிக்கொண்டிருந்தார். தலையில் குல்லாய், மேலே போர்வை. "என்னைப் பாத்தா கரடி மாதிரி இருக்காடா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்த மனுஷன் இப்போது இல்லை என்று நம்ப எங்களுக்கே இன்னும் முடியவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை அண்ணி.

கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியவில்லை என்ற குறை எங்கள் எல்லோருக்கும் உண்டு. அங்கேயே தகனம் செய்தது சரியான முடிவுதான். உடம்பை இங்கே கொண்டுவருவதற்குள் நீங்கள் பட்டிருக்கும் பாடு எங்களுக்குத் தெரியும். "ஊருக்குக் கூட்டிட்டு வரலியே" என்று யாராவது சொந்தத்தில் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பேரனோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு விசா வாங்கியவர் அவர்தான். ஆசைப்பட்ட இடத்தில்தான் இருந்தார்.

நேற்று லேபில் அவர் போட்டோ வைத்து விளக்கேற்றினோம். ஓய்வு பெற்றவர்கள், ஜீப் டிரைவர், பென்னாகரம் பக்கத்திலிருந்து பம்ப் ஆபரேட்டர்கள் இரண்டு பேர் என்று சொல்லாமலே வந்திருந்தார்கள். பேசச் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே ஞாபகம், அவருடைய பாட்டில். தண்ணீர் பிடிக்கும் முன் அதே தண்ணீரில் மூன்று தடவை அலசுவார். புதுசாக வந்த பையன் ஒருமுறை அலசாமல் பிடித்து வந்துவிட்டான். "கழுவாம பிடிச்ச தண்ணி பொய் சொல்லும்டா" என்று அதைக் கீழே ஊற்றிவிட்டு, அந்த வெயிலில் மறுபடி காரிமங்கலம் அனுப்பினார். போனவனுக்குப் பெட்ரோல் காசு தன் சட்டைப் பையிலிருந்துதான் கொடுத்தார். அந்தப் பையன் இன்று எங்களுக்கு மேலதிகாரி, நேற்று அவர்தான் ரொம்ப அழுதது.

கவிதா, உங்கள் அப்பா வீட்டில் வேலையைப் பற்றி அதிகம் பேச மாட்டார் என்று நினைக்கிறேன். அதனால் ஒன்றைச் சொல்கிறேன். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும், பல வருஷம் குடித்தால் எலும்பையே பிடிக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் அடிபம்புத் தண்ணீர் குடிக்க ஆகாது என்று அண்ணன் சொன்னதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க ஊரு தண்ணி இனிப்பா இருக்கு, நீ எங்கிருந்தோ வந்து கெடுக்கிறியா?" என்று ஒரு பாட்டி கையில் குடத்தோடு சண்டைக்கு வந்தது. அண்ணன் கோபப்படவில்லை. அங்கேயே திண்ணையில் பெட்டியைத் திறந்து, அந்தப் பாட்டியையே தண்ணீர் ஊற்றச் சொல்லி, மருந்தைச் சொட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது கண்ணெதிரே மஞ்சளாகத் திரும்பியது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பேத்தியின் பல்லைப் பார்த்தது, குடத்தைக் கவிழ்த்தது. திரும்பி வரும்போது ஜீப்பில் அண்ணன், "அந்தப் புள்ள கையை எடுத்துட்டுச் சிரிக்கணும்டா" என்று மட்டும் சொன்னார்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வந்தபோது அந்தத் திட்டத்தில் அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் பெயர் இருக்காதுதான். ஆனால் எந்தெந்த ஊருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் எடுத்துப் பார்த்த நோட்டுகளில் பாதி அவர் கையெழுத்து. அந்த நோட்டுகளில் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். ஆபீசில் அனுமதி கிடைத்தால் ஆதிக்கு ஒரு நகல் அனுப்புகிறோம், தாத்தாவின் எழுத்து எப்படி இருந்தது என்று அவன் பார்க்கட்டும்.

அஸ்தி விஷயம். ஒகேனக்கலில் கரைக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் நாங்கள் எல்லா ஏற்பாடும் செய்கிறோம். ஆடிப் பதினெட்டு அன்று மட்டும் வேண்டாம், அருவிப் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, நிம்மதியாக ஒரு சாமி கும்பிட முடியாது. விமானத்தில் கொண்டுவர இறப்புச் சான்று, தகனச் சான்று, இந்தியத் தூதரகத்தின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். உடனே வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, எப்போது வந்தாலும் பரிசல்காரரிலிருந்து ஐயர் வரை சொல்லி வைக்கிறோம். தேதி குறித்தால் போதும்.

குடும்பப் பென்ஷனுக்கு நாங்கள் பாரம் வாங்கி வைக்கிறோம். இறப்புச் சான்று, உங்கள் ஆதார், பாஸ்புக் இவற்றின் போட்டோவைக் கவிதா வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், மீதியைப் பார்த்துக்கொள்கிறோம். ஒன்று மட்டும்: அண்ணன் கணக்கில் அடுத்த மாதப் பென்ஷன் விழுந்தால் எடுத்துவிடாதீர்கள், பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் இருக்கிறது. நான் வாரம் ஒருமுறை போய் மோட்டார் போட்டுக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் தண்ணீர் விடுகிறேன்.

அண்ணி, நீங்கள் சாப்பிடாமல் இருப்பதாகக் கவிதா சொன்னது. அண்ணனோடு லேபில் உங்கள் களியும் கொள்ளுக் கடைசலும் பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள், அந்த உரிமையில் சொல்கிறோம், கொஞ்சமாவது சாப்பிடுங்கள்.

மாப்பிள்ளைக்கும் ஆதிக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்குச் சில வரிகள் ஆங்கிலத்தில். போனில் எனக்குத் தமிழ்தான் அடிக்க வரும் என்பதால் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். நீங்களோ கவிதாவோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

டியர் டேனியல் அண்ட் ஆதி,

வீ ஆர் வெரி சாரி ஃபார் யுவர் லாஸ். வீ வொர்க்டு வித் மாணிக்கம் ஃபார் மெனி இயர்ஸ். ஹீ டெஸ்டட் த டிரிங்கிங் வாட்டர் ஆஃப் அவர் வில்லேஜஸ், அண்ட் ஹீ டோல்ட் பீப்பிள் த ட்ரூத் ஈவன் வென் தே வேர் ஆங்க்ரி வித் ஹிம். ஆதி, யுவர் தாத்தா ஷோட் அஸ் யுவர் ஃபோட்டோஸ் ஆல் த டைம். ஹீ வாஸ் வெரி ப்ரவுட் ஆஃப் யூ. டேனியல், தேங்க் யூ ஃபார் லுக்கிங் ஆஃப்டர் ஹிம் லைக் எ சன். ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் கவிதா அண்ட் ஹெர் மதர். வென் யூ கம் டு தருமபுரி, யூ ஹேவ் மெனி ஹவுசஸ் டு ஸ்டே இன்.

எப்போது பேச வேண்டும் போலிருந்தாலும் கூப்பிடுங்கள் அண்ணி. அங்கே ராத்திரி பத்து மணி என்றால் இங்கே சாயந்திரம் ஐந்தரைதான், நாங்கள் எல்லோரும் விழித்துத்தான் இருப்போம்.

ஆழ்ந்த வருத்தத்துடன்,
முருகேசன்
குடிநீர்ப் பரிசோதனைக் கூட நண்பர்கள் அனைவர் சார்பிலும்