16.10.2025 வியாழன் – பகல் ஷிஃப்ட் நோட் (பிக்கிங், டிஸ்பேட்ச்)

சார், இன்னைக்கு 412 ஆர்டர், 1,860 லைன் பிக் பண்ணோம். தப்பு 17 லைன், அதாவது 99.1%. நம்ம டார்கெட் 99.5, அதுக்கு 9 தப்புக்கு மேல போயிருக்கக் கூடாது. வண்டி 9-ல 6 டைமுக்குப் போச்சு, 3 லேட். தீபாவளி லோடுன்னு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா இன்னைக்கு நடந்தது அது இல்ல, அதான் கொஞ்சம் விவரமா எழுதறேன்.

17-ல 11 தப்பு ஒரே பின்ல இருந்து வந்தது, C-14-03. அங்க ஷாம்பூ 340 மில்லி இருக்கணும். நேத்து சாயங்காலம் இன்வர்ட் வந்த 180 மில்லி கேஸை புட்அவே பசங்க பக்கத்து 04-ல வைக்காம இதுலயே மேல அடுக்கிட்டாங்க. ரெண்டு கேஸும் அதே நீலக் கலர், அதே பிரிண்ட், ஓரத்துல சின்னதா மில்லி போட்டிருக்கறது மட்டும்தான் வித்தியாசம், ரேக்ல மேல இருக்கறப்ப அதுவும் தெரியாது. இத கண்டுபிடிச்சது சிஸ்டம் இல்ல சார், செக்கிங் டேபிள் 2 அக்கா. 3:10-க்கு ஒரு கேஸைத் தூக்குனவங்க "என்னப்பா இது, பெட்டி இவ்ளோ லேசா இருக்கு?"ன்னு கேட்டாங்க, திருப்பிப் பாத்தா 180. அப்புறம் அந்த பின்ல காலைல இருந்து போன 26 லைனையும் ஹிஸ்டரி எடுத்து ஒவ்வொரு ஆர்டரா பிரிச்சுப் பாத்தோம், 11 தப்பு. அதுல 9 செக்கிங்ல நின்னுச்சு, 2 ஏற்கனவே வேலூர் வண்டில ஏறிடுச்சு.

ஸ்கேன் பண்ணா மாட்டியிருக்கணுமேன்னு கேப்பீங்க. பின் லேபிளை எல்லாரும் ஸ்கேன் பண்றாங்க, அடுத்து வர்ற `Scan Item` ஸ்கிரீன்லதான் `Skip` அழுத்திட்டு குவான்டிட்டி மட்டும் அடிக்கறாங்க. சோம்பேறித்தனம்னு நானும் முதல்ல கத்தினேன், அப்புறம் பாத்தா 12 ஹேண்ட்ஹெல்டுல 4 மதியத்துக்குள்ள சார்ஜ் இறங்கிடுது, ரெண்டு பேர் ஒண்ணை மாத்தி மாத்தி வச்சு ஓட்டறாங்க, அவசரத்துல ஸ்கிப்தான் கைக்கு வருது. அதனால இந்த 11-ஐ பிக்கர் கணக்குல எழுதி இன்சென்டிவ்ல பிடிக்க வேணாம், நான் ரிமார்க்ல புட்அவேன்னு போட்டிருக்கேன்.

மிச்சம் 6-ல 4 கேஸ்/பீஸ் குழப்பம், கடை கேட்டது 1 கேஸ், போனது 1 பீஸ். புதுசா வந்த ரெண்டு பசங்க பண்ணது, சொல்லிக் கொடுத்தாச்சு. 2 லைன் பேட்ச் மாறிடுச்சு, எக்ஸ்பைரி பிந்தினதை முதல்ல எடுத்துட்டாங்க. இந்த ஆறும் செக்கிங்லயே மாத்தியாச்சு.

லேட் வண்டி. வேலூர் 4:30-க்குப் போக வேண்டியது, 5:55-க்குதான் கேட் தாண்டுச்சு. அந்த ரெண்டு பெட்டியும் வேலூர் கடைக்கானது, கடைசி டிராப்ங்கறதால கேபின் பக்கம் உள்ளார இருந்துச்சு, வாசல்ல ராணிப்பேட்டை லோடு. அதுல 62 பெட்டியை இறக்கி, மாத்தி, திரும்ப ஏத்தி சீல் வச்சோம். டிரைவர் கோவத்துல டீ கூட வேணாம்னுட்டார். விழுப்புரம் வண்டி 40 நிமிஷம் லேட், டிரான்ஸ்போர்ட்காரர் கடைசி நேரத்துல வேற வண்டி அனுப்பினார், இ-வே பில்லுல பார்ட் பி புது நம்பருக்கு மாத்தணும், மாத்தற ஆபீஸ் தம்பி அப்பதான் சாப்பிடப் போயிருந்தார், வண்டி லோடோட சும்மா நின்னுச்சு. காஞ்சிபுரம் 50 நிமிஷம், இது வெறும் டாக் பிரச்சனை: டாக் 3-ல இன்வர்ட் கன்டெய்னர் 2 மணி வரைன்னு சொன்னது 3:15 வரை நகரல.

இப்ப C-14-03, 04 ரெண்டையும் காலி பண்ணி எண்ணி, திரும்ப அடுக்கியாச்சு. ரெண்டும் பக்கத்துல இருந்தா நாளைக்கும் இதே கூத்துதான், அதனால 180-ஐ D-02-க்கு மாத்த நைட் ஷிஃப்ட்ல சொல்லிருக்கேன், சிஸ்டத்துல லொகேஷன் மாத்த உங்க லாகின்தான் வேணும், காலைல 8-க்கு முன்னாடி பண்ணிடுங்க சார், 8:15-க்கு முதல் பிக் லிஸ்ட் விழுந்துடும். `Skip` பட்டனை எடுத்துடச் சொல்லி ஐடிக்கு மெயில் போடலாமான்னு யோசிச்சேன், ஆனா 4 பேட்டரி வராம அதை எடுத்தா மதியத்துக்கு மேல பிக்கிங் படுத்துடும். போன மாசமே பேட்டரிக்கு இன்டென்ட் போட்டது, பர்ச்சேஸ்ல எங்க நிக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டா நகரும்.

பெண்டிங் 7 ஆர்டர், எல்லாம் செங்கல்பட்டு ரூட், ஸ்டாக் இல்லாததால நிக்குது. நாளைக்குக் காலை இன்வர்ட்ல வருது.

– பகல் ஷிஃப்ட் லீட்