பட்டச் சான்றிதழில் பெயர்ப் பிழையைத் திருத்தக் கோரிப் பதிவாளருக்குக் கடிதம்

பதிவுத் தபால் – ஒப்புகை அட்டையுடன்

சிங்காரப்பேட்டை,
16.06.2025.

அனுப்புநர்
மா. வேடியப்பன், பி.ஏ., பி.எட்.,
த/பெ. மாது,
3/118, ஏரிக்கரைத் தெரு,
சிங்காரப்பேட்டை,
ஊத்தங்கரை வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம் – 635307.

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்.

பொருள்: பட்டச் சான்றிதழ் – பி.ஏ. தமிழ், ஏப்ரல் 2022 – தமிழ்ப் பகுதியில் ‘வேடியப்பன்’ என்ற பெயர் ‘வேதியப்பன்’ என அச்சாகியிருப்பது – எழுத்துப் பிழையைத் திருத்திச் சான்றிதழ் வழங்கக் கோருதல் – சார்பு.

பார்வை: 1. பட்டச் சான்றிதழ் வரிசை எண் 048316. தேர்வுப் பதிவெண் 1904217.
2. 09.06.2025 அன்று தேர்வுப் பிரிவில் நேரில் விசாரித்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2019 முதல் 2022 வரை தங்கள் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. தமிழ் படித்து, ஏப்ரல் 2022 தேர்வில் முதல் வகுப்பில் தேறினேன். பட்டமளிப்பு விழாவுக்கு நேரில் வராதவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்ததால், சான்றிதழ் கல்லூரிக்கு வந்து அங்கிருந்து 2023 ஆகஸ்டில் பெற்றுக்கொண்டேன்.

அந்தச் சான்றிதழின் தமிழ்ப் பகுதியில் என் பெயர் ‘மா. வேதியப்பன்’ என்று அச்சாகியிருக்கிறது. என் பெயர் மா. வேடியப்பன். ‘டி’ வரவேண்டிய இடத்தில் ‘தி’ வந்துவிட்டது. பிழை அந்த ஓர் எழுத்தில்தான். அதற்குக் கீழே உள்ள ஆங்கிலப் பகுதியில் பத்து எழுத்தும் சரியாக இருக்கின்றன. தலைப்பெழுத்து, பாடம், வகுப்பு, தேர்வு மாதம், பதிவெண் எதிலும் குறை இல்லை.

இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் பார்த்தாயா என்று கேட்பது நியாயம். வாங்கிய அன்று ஆங்கிலப் பெயரையும் வகுப்பையும் பார்த்துவிட்டு உறையில் போட்டு வைத்தேன். பி.எட். சேர்க்கை தற்காலிகச் சான்றிதழை வைத்தே முடிந்துவிட்டது. அதில் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். தமிழ் படித்தவன் தமிழ் வரியைப் படிக்காமல் விட்டது என் கவனக்குறைவுதான், மறைக்கவில்லை. கடந்த மே மாதம் ஊத்தங்கரை அருகே ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தேன். பணிப் பதிவேட்டில் விவரங்களை எழுதிக்கொண்டிருந்த எழுத்தர், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பட்டச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “சார், இது ரெண்டும் ஒரே ஆளா?” என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

09.06.2025 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, முதல் பேருந்து பிடித்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தேர்வுப் பிரிவில் இருந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மனுவை வாங்கவில்லை. “பேரு மாத்தணும்னா கெஜட் வேணும் தம்பி. கெஜட் இல்லாம செய்யணும்னா பதிவாளர் உத்தரவு வேணும்” என்றார். அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

ஐயா, நான் பெயரை மாற்றக் கேட்கவில்லை. என் பெயரை என் பெயராகவே அச்சிடக் கேட்கிறேன். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டுமென்றால் பழைய பெயர் ஒன்று, புதிய பெயர் ஒன்று என்று இரண்டைக் காட்ட வேண்டும். நான் பழைய பெயராக எதைக் காட்டுவது? ‘வேதியப்பன்’ என்ற பெயரில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை என எல்லாவற்றிலும் வேடியப்பன்தான். இல்லாத ஒரு பெயரை இருந்ததாக நானே கையெழுத்துப் போட்டு அரசிதழில் ஏற்றினால், இன்று ஒரு சான்றிதழில் இருக்கும் குழப்பம் நாளைக்கு மற்ற எல்லாச் சான்றிதழுக்கும் பரவும். அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் போய் நின்றால், பெயர் மாற்றியவன் பத்தாம் வகுப்பில் எப்படிப் புதிய பெயரோடு தேறினான் என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது.

பிழை எங்கே நுழைந்தது என்பதற்கு என்னிடம் இருக்கும் காகிதங்களே ஓரளவு வழி காட்டுகின்றன. பட்டமளிப்பு விண்ணப்பத்தில் தமிழில் பெயர் எழுதும் கட்டத்தில் ‘மா. வேடியப்பன்’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் எடுத்த நகல், கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் என்னிடம் இருக்கிறது. ஆகவே கல்லூரியிலிருந்து போனவரை பெயர் சரி. ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்தபோது பிழை நேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆங்கிலத்தில் கொடைக்கானலுக்கும் அதே ‘D’ எழுத்து, மதுரைக்கும் அதே ‘D’ எழுத்து. வேடியப்பனைக் கேள்விப்படாத ஒருவர் அதை வேதியப்பன் என்று படித்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் எங்கள் பக்கம் இந்தப் பெயரில் குழப்பமே வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் நிற்கும் பழைய நடுகற்கள் பலவற்றை வேடியப்பன் என்றே கும்பிடுகிறோம். வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் வீரனின் கல் அது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கல்லுக்கு என் தாத்தா வேண்டிக்கொண்டு வைத்த பெயர் எனக்கு. வேடனை வேதியன் ஆக்கிய சான்றிதழைப் பார்த்து என் அப்பா சிரித்தார். என் வகுப்பு மாணவர்களுக்குத் தெரிந்தால் ‘வேதியியல் சார்’ என்றே கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். இதைத் தாங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டாலும் சரி, எழுத்து மாறினால் பெயரே வேறாகிவிடுகிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன். சந்திப்பிழையோ ஒற்று விடுபட்டதோ என்றால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வகுப்பிலேயே இரண்டு வேடியப்பன்கள். மற்றவர் கோ. வேடியப்பன். அதே பாடம், அதே தேர்வு, எனக்கு அடுத்த பதிவெண். அவருடைய சான்றிதழில் பெயர் ‘வேடியப்பன்’ என்று சரியாகவே வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஆங்கில எழுத்து ஒன்றுதான். அவர் சம்மதத்துடன் அந்தச் சான்றிதழின் நகலையும் இணைத்திருக்கிறேன். ஒரே பட்டியலில் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் இருப்பதைத் தாங்கள் பார்த்தால், இது தட்டச்சில் நேர்ந்தது என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது என்று நம்புகிறேன்.

ஆகவே, என் பட்டமளிப்பு விண்ணப்பத்தின் அசலைத் தங்கள் அலுவலகக் கோப்பில் சரிபார்த்து, இதை அலுவலக எழுத்துப் பிழையாக ஏற்று, அரசிதழ் அறிவிப்புக் கேட்காமல் திருத்திய பட்டச் சான்றிதழ் வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டப் பதிவேட்டிலும் இந்தத் திருத்தம் ஏறவேண்டும். டிஜிலாக்கரில் ஏற்றியிருக்கும் பதிவில் இதே பிழை இருந்தால் அதையும் சேர்த்துத் திருத்த வேண்டுகிறேன். காகிதத்தில் ஒன்றும் கணினியில் ஒன்றும் இருந்தால், வேலை கொடுப்பவர் உண்மைத்தன்மை கேட்டு எழுதும் நாளில் மறுபடியும் இதே கதைதான்.

திருத்திய சான்றிதழில் ‘இரண்டாம்படி’ என்ற முத்திரை வேண்டாம் என்றும் பணிவோடு கேட்கிறேன். அசல் தொலைந்து போனவர்களுக்குத் தருவது அது. என் அசல் பத்திரமாக இருக்கிறது. லேமினேட் செய்யவில்லை, மடிக்கவும் இல்லை. அதைத் தபாலில் அனுப்ப மட்டும் மனம் வரவில்லை. தாங்கள் சொல்லும் நாளில் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். ஒப்படைக்கும்போது, பெற்றுக்கொண்டதற்கும் திருத்தம் நடவடிக்கையில் இருப்பதற்கும் ஒரு கடிதம் தந்தால் போதும். புதிய சான்றிதழ் வரும்வரை பள்ளியில் அதைக் காட்டிச் சமாளித்துக்கொள்வேன்.

கட்டணத்தைப் பற்றி: பிழை என்னால் நேரவில்லை என்பதால் கட்டணத்திலிருந்து விலக்கு அளித்தால் நன்றியுடையவனாவேன். விதி அதற்கு இடம் தராது என்றால் கட்டத் தயார். எவ்வளவு, எந்த முறையில் என்பதை எழுத்தில் தெரிவித்தால் அடுத்த வாரமே கட்டிவிடுவேன். அலுவலகத்துக்கு வந்து திரும்ப எனக்கு ஒரு முழு நாளும் ஒரு நாள் சம்பளமும் போகிறது. அதனால் இன்னும் ஏதாவது ஆவணம் தேவை என்றாலும் மொத்தமாக ஒரே கடிதத்தில் கேட்டுவிடுமாறு வேண்டுகிறேன்.

பள்ளியில் என் பணிப் பதிவேட்டை ஆகஸ்ட் 15க்கு முன் முடிக்க வேண்டும் என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் உத்தரவாவது கைக்கு வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

மா. வேடியப்பன்

இணைப்பு (அசல் நீங்கலாக, எல்லாம் சுயசான்றொப்பமிட்ட நகல்கள்):
1. பட்டச் சான்றிதழ், வரிசை எண் 048316
2. பட்டமளிப்பு விண்ணப்பம், கல்லூரி முதல்வரின் மேலொப்பத்துடன்
3. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ்
4. தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல்
5. சாதிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை
6. கோ. வேடியப்பன் அவர்களின் பட்டச் சான்றிதழும் சம்மதக் கடிதமும்
7. சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை

நகல்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள், கல்லூரி முதல்வர் அவர்கள் (விண்ணப்பத்தின் கல்லூரிப் பிரதியைத் தேடி எடுத்து வைக்கும் வேண்டுகோளுடன்).