ரெண்டு ஸ்கேல்

காரைக்குடி ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரி. இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே என் 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைப் பாலமாக வைத்து அழுத்தினான் சொக்கு. விட்டதும் நிமிர்ந்தது.

"இன்னும் அமுக்குடா."

நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தது. கையை எடுத்தும் வளைவு போகவில்லை.

"மீட்சி எல்லை தாண்டிருச்சு."

"என் ஸ்கேலும் போச்சு."

அடுத்து அவன் ஸ்கேல், நியாயம்தானே? கீழே ஒரு புத்தகம், உச்சியில் ஒன்று. செங்குத்தாக நிறுத்தி அழுத்தினேன். முதலில் அசையவில்லை. திடீரென்று பக்கவாட்டில் வில்லானது. விட்டேன், நேரானது.

"எல்லை தாண்டலையே, ஏன் நெளிஞ்சுச்சு?"

"அதான் பக்ளிங். பிளாஸ்டிக் தோக்கல, நெட்டைதான் தோத்துச்சு. பாதி நீளம்னா நாலு மடங்கு தாங்கும்."

"எங்க ஆயா வீட்டு பர்மா தேக்குத் தூணு?"

"அது உன்னை மாதிரி குண்டுடா."