மாசாமாசம் எடை, உயரம் பார்ப்பது எதற்கு?

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க, அம்மாமார், பின்னாடி மரத்தடியில நிக்கிற அப்பாமாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

"புள்ள ஓடியாடி விளையாடுதே, எதுக்கு நர்ஸம்மா மாசாமாசம் எடை?"ன்னு கேக்குறீங்க. தினமும் பாக்குற கண்ணுக்குக் குழந்தை மெலியறது தெரியாது, தராசுக்குத் தெரியும். 2.8 கிலோவுல பொறந்த புள்ள அஞ்சாறு மாசத்துல அதைப்போல ரெண்டு மடங்கும், ஒரு வயசுல மூணு மடங்கும், அதாவது எட்டரை கிலோ கிட்ட, இருக்கணும். வளர்ச்சி அட்டையில எடைக்குப் போடுற கோடு மேல ஏறாம ரெண்டு மாசம் படுத்தே கிடந்தா, எடை சரியா இருக்குன்னு காட்டுற பச்சைப் பட்டையிலயே இருந்தாலும் நான் விசாரிப்பேன். வயித்துப்போக்கா, சளியா, இல்ல ஆறு மாசம் முடிஞ்சும் தாய்ப்பால் மட்டும்தானா?

எடை காய்ச்சல்ல குறையும், நல்லா ஊட்டினா திரும்ப ஏறும். உயரம் அப்படியில்ல. ரொம்ப நாள் சத்துக்குறைவுலதான் வளர்த்தி நிக்கும். ரெண்டு வயசுக்கு மேல அதை ஈடுகட்டுறது கஷ்டம். அதான் சின்னதுங்களைப் பலகையில படுக்கவச்சு அளக்குறோம். அழுவாங்க, பரவாயில்ல.

கண்ணு படும்னு பயப்படுற பாட்டிங்க திருஷ்டிப் பொட்டு வச்சே கூட்டிட்டு வாங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா கொலுசு, கனமான சட்டையைக் கழட்டிடுங்க, எடை தப்பாக் காட்டும்.

வர்ற வியாழக்கிழமை காலை 10 மணிக்கு அங்கன்வாடியில. அட்டையை மறக்காதீங்க.