மூன்றாம் வகுப்பை வெளியேற்றச் சொல்ல வேண்டியவை

(கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாள். நான் லீவு போடும் நாளில் இந்த வகுப்பைப் பார்க்க வரும் டீச்சருக்கு.)

டீச்சர், இங்கே 34 பிள்ளைகள், 17 ஜோடி. கீழே இருக்கும் சொற்களுக்குத்தான் அவர்கள் பழகியிருக்கிறார்கள். வேறு சொல் வேண்டாம். "ஓடாதீங்க" என்று மட்டும் கத்திவிடாதீர்கள். பதற்றத்தில் பிள்ளை காதில் விழுவது "ஓடு" வரைக்கும்தான். "நட" என்றே சொல்லுங்கள்.

சமையலறையில் தீ, புகை என்றால்:

விசில் மூன்று தடவை. கையை உயர்த்தி நில்லுங்கள். பேச்சு அடங்கியதும்:

"எந்திரி."
"பை இருக்கட்டும்."
"ஜோடி கை பிடி."
"கதவுப் பக்கத்து வரிசை, நட."
"நடு வரிசை, நட."
"ஜன்னல் வரிசை, நட."

ஒரு சொல், ஒரு மூச்சு, அப்புறம் அடுத்தது. செருப்பைத் தேடும் பிள்ளையிடம் "செருப்பு இருக்கட்டும், நட." அழுகிற பிள்ளையிடம் "என் கையப் பிடி, நட." ஏன் என்று கேட்டால் "வெளிய போய்ச் சொல்றேன், நட."

முதல் பெஞ்சில் காதுக் கருவி போட்ட பிள்ளை இருக்கிறாள். விசில் அவளுக்குச் சரியாகக் கேட்காது. முகத்துக்கு நேராகப் போய், உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினால் எழுந்துவிடுவாள். கதவைக் காட்டினால் நடப்பாள். அவள் ஜோடிக்கும் அது தெரியும்.

வராந்தாவில் புகை இருந்தால்:

"குனி."
"மூக்கப் பொத்து."
"செவுத்தத் தொட்டுக்கிட்டே நட."

உடுப்பில் தீ பட்டால், உரக்க:

"நில்லு. படு. உருளு."

எல்லாரும் போனதும் நீங்கள் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பாருங்கள். பயந்த பிள்ளை ஓடாது, ஒளிந்துகொள்ளும். போன ஒத்திகையில் ஒருவன் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. திட்ட வேண்டாம். "டீச்சர் வந்துட்டேன். கை கொடு." அவ்வளவுதான். கழிப்பறையையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம்.

தீ இல்லை, கேஸ் வாடை மட்டும் அடிக்கிறது என்றால்:

மின்சார மணி அடிக்காதீர்கள். லைட், ஃபேன் ஓடினால் ஓடட்டும், நின்றிருந்தால் நிற்கட்டும். ஸ்விட்சில் வரும் சின்னப் பொறி போதும். செல்போனும் வெளியே போய்த்தான். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் இங்கே "குனி" கிடையாது.

"எந்திரி. பை இருக்கட்டும். ஜோடி கை பிடி."
"நிமிந்து நட."
"சுவிட்சத் தொடாம வா."

கடைசிச் சொல்லை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு வரும் நல்ல பழக்கம் நாம் சொல்லிக்கொடுத்ததுதான்.

எதுவானாலும் முன்வாசல் வழி. பின்வாசல் கால்வாய்க் கரையில் இறங்குகிறது. பிசானத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் அது நிரம்பி ஓடும், கேஸும் அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்கும்.

வாசல் தாண்டியதும்:

"நடுவுல வா. செவுத்த விட்டுத் தள்ளி வா."

2021 டிசம்பர் 17 அன்று நம் திருநெல்வேலியிலேயே ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் போனார்கள். நம் காம்பவுண்ட் சுவரும் மழையில் ஊறிய சுவர்தான்.

"கோயில் ஆலமரம். நட."

ஆலமரம் வடக்கே இருக்கிறது. சமையலறை மேற்கு ஓரம். ஆனி, ஆடியில் மேல்காற்று புகையைக் கிழக்கே தள்ளும், அதனால் கிழக்கு மைதானம் கூடாது.

மரத்தடியில்:

"ஜோடி கை விடாத. உக்காரு."
"முதல் ஜோடி, எண்ணு."

பதினேழு வரைக்கும் சத்தமாக எண்ணுவார்கள். அன்றைய வருகை எண்ணிக்கையை விசில் கயிற்றில் தொங்கும் அட்டையில் காலையிலேயே எழுதிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் உள்ளே போகாதீர்கள், பிள்ளையையும் அனுப்பாதீர்கள். யாரைக் காணோம், கடைசியாக எங்கே பார்த்தது என்று தீயணைப்பு ஆட்களிடம் சொல்லுங்கள். 101க்கும் 108க்கும் தலைமையாசிரியர் பேசுவார். அவர் இல்லையென்றால் நீங்கள் பேசுங்கள்: "சேரன்மகாதேவிக்குப் பக்கத்துல, கால்வாய்க் கரைத் தொடக்கப் பள்ளி. சமையலறையில தீ. பிள்ளைகள் வெளிய வந்தாச்சு." இன்னும் வரவில்லை என்றால் எத்தனை பேர் என்று.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையலறைத் தீ கூரைக்கு ஏறி 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதைக் கேட்டு வளர்ந்த தாய்மார்தான் இந்த ஊரில். புகையைக் கண்டதும் வயலிலிருந்தே ஓடி வருவார்கள், பிள்ளையை இழுத்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். "யக்கா, பிள்ள நல்லாருக்கு. எண்ணி முடிச்சதும் உங்க கையிலயே தாரேன்."

பிள்ளைகளுக்கு:

"அம்மா வந்தாலும் உக்காந்திரு. பேர் சொன்னா எந்திரி."

பேரை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவராக விடுங்கள்.