பொட்டு வைத்த முனை

ஹாஸ்டல் டேக்கு மெஸ் ஹாலில் நாற்காலி போட்டு முடித்தாயிற்று. ஃபைனல் இயர் அக்காக்களுக்காக ரேவதி செய்திருந்த வீடியோதான் முதல் நிகழ்ச்சி. ஏழு மணிக்கு வார்டன் வந்துவிடுவார். மணி ஆறரை. திரை முழுக்க நீலம், நடுவில் No Signal.

லேப்டாப்பில் Windows + P அழுத்தி Duplicate கொடுத்தாள். ரிமோட்டில் HDMI 1, HDMI 2 என்று மாற்றிப் பார்த்தாள். புரொஜெக்டரை அணைத்து, ஃபேன் நிற்கும்வரை காத்திருந்து மறுபடி போட்டாள். அதே நீலம். "பல்பு போயிருக்கும்டி" என்றாள் ஒருத்தி. பல்பு போயிருந்தால் நீலமே தெரியாது. ஆனால் அந்த அவசரத்தில் யாருக்கு அது தோன்றும்?

பட்டுப்புடவையோடு வந்த கனி அக்கா, கூட்டத்தைப் பார்த்துவிட்டு நேராக அங்கேயே வந்தாள். அவள் இ.சி.இ. கடைசி வருஷம்.

"கேபிள் புதுசா?"

"ஆமாக்கா. பழசு அஞ்சு மீட்டர்தான், மேடை வரைக்கும் எட்டல. இது இருபது மீட்டர்."

அக்கா கேபிளை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். "இவ்ளோ நீளத்துக்கு இவ்ளோ மெலிசா? அப்ப ஃபைபர்தான்." புரொஜெக்டர் பக்கத்து முனையைப் பிடுங்கி, போன் டார்ச்சை அடித்தாள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே, பொடி எழுத்தில் SOURCE என்று இருந்தது.

"இது லேப்டாப்ல இருக்க வேண்டிய முனை."

ரேவதி ஓடிப்போய் மேடையில் இருந்த முனையைப் பார்த்தாள். DISPLAY.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா இருக்கு!"

"எழுத்தைத் தவிர எல்லாம் ஒண்ணுதான். பழைய கேபிள் செப்புக் கம்பி, எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். இதுல ஒரு முனையில குட்டி லேசர் இருக்கு, படத்தை ஒளியா மாத்தி அனுப்பும். அடுத்த முனையில அதை வாங்கிக்கிற சென்சார். திருப்பிப் போட்டா அனுப்புறதுக்கு ஆளே இல்ல."

ஓரமாக டேப் ஒட்டி இழுத்திருந்த கேபிள். எல்லாவற்றையும் பிரித்துத் திருப்பிப் போட வேண்டும். முதல் வருஷப் பிள்ளைகள் வரிசையாக நின்று நாற்காலிகளைத் தூக்கிப் பிடிக்க, ரேவதி கேபிளை இழுத்தாள். "மடக்கிடாதீங்க, உள்ளே கண்ணாடி இழை" என்று அக்கா பின்னாலேயே வந்தாள்.

செருகியதும் திரை ஒரு நொடி இருண்டது. அப்புறம் ரேவதியின் லேப்டாப்பில் இருக்கும் குற்றால அருவி சுவர் முழுக்க விழுந்தது. ஹாலே கத்தியது.

கனி அக்கா நெற்றியில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து SOURCE முனையில் ஒட்டினாள். "பொட்டு வச்சது லேப்டாப்புக்கு. அடுத்த வருஷம் பொறுப்பா இருக்கப்போற பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடு."

அவள் தன் வரிசையில் போய் உட்காரவும் வார்டன் உள்ளே வரவும் சரியாக இருந்தது. ரேவதி வீடியோவைப் போட்டாள்.